நானோமீட்டரை ஹெர்ட்ஸாக மாற்றுவது: ஒரு வகுத்தலும் மூன்று பொறிகளும்

ஒளியின் அலைநீளத்தை அதிர்வெண்ணாக மாற்ற ஒரே ஒரு வகுத்தல் போதும். பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே அது வந்துவிடும். அப்படியிருக்க இதற்கு ஒரு பதிவு எதற்கு?

நிறமாலைகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என் குறிப்பேட்டில் இதற்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தேன். இப்போது அது பல பக்கம் ஆகிவிட்டது. காரணம், "இந்த நானோமீட்டரை ஹெர்ட்ஸா மாத்திக் கொடு" என்று கேட்கும்போது நாம் உண்மையில் மூன்று வேறு வேறு விஷயங்களைக் கேட்கிறோம். சில நேரம் கையில் இருப்பது ஒரு புள்ளி: 632.8 நானோமீட்டர் என்பது மாதிரி. சில நேரம் ஓர் அகலம்: "இந்த விளக்கின் ஒளி 30 நானோமீட்டர் அகலம்" என்பது மாதிரி. சில நேரம் ஒரு முழு வளைகோடு: சூரிய ஒளியின் வரைபடம் மாதிரி. மூன்றுக்கும் சூத்திரம் ஒன்றுதான், ஆனால் அதைப் போடும் விதம் ஒன்றல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு பொறி இருக்கிறது. அவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் அந்த வகுத்தல்

ஒளி வெற்றிடத்தில் ஒரு வினாடிக்கு 29,97,92,458 மீட்டர் போகிறது. நீங்கள் ஓர் இடத்தில் நின்று, உங்களைத் தாண்டிப் போகும் அலைகளை ஒரு வினாடி எண்ணுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வினாடியில் 29,97,92,458 மீட்டர் நீளமுள்ள ஓர் அலைத்தொடர் உங்களைக் கடந்திருக்கும். அந்த நீளத்துக்குள் எத்தனை அலைகள் அடங்கும்? மொத்த நீளத்தை ஓர் அலையின் நீளத்தால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். அதுதான் அதிர்வெண்.

```
f = c / λ
```

இங்கே c ஒளியின் வேகம், λ அலைநீளம், f அதிர்வெண். வேகம் மீட்டரில் இருப்பதால் அலைநீளமும் மீட்டரில் இருக்க வேண்டும். நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆக 632.8 நானோமீட்டரை 632.8 × 10⁻⁹ என்று எழுதிவிட்டு வகுக்க வேண்டும்.

மனக்கணக்குக்கு இதைவிடச் சுலபமான வழி உண்டு. மூன்று லட்சத்தை நானோமீட்டரால் வகுத்தால் விடை டெராஹெர்ட்ஸில் கிடைக்கும். ஒரு டெராஹெர்ட்ஸ் என்பது ஒரு லட்சம் கோடி ஹெர்ட்ஸ். 600 நானோமீட்டர் ஆரஞ்சு ஒளியா? 3,00,000 ÷ 600 = 500 டெராஹெர்ட்ஸ். முடிஞ்சது. துல்லியமாக வேண்டுமென்றால் மூன்று லட்சத்துக்குப் பதில் 2,99,792.458 போடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

விடை சரிதானா என்று பார்க்க நம்முடைய எண்ணிக்கை முறையே ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது. ஒரு கோடி என்பது பத்தின் ஏழாம் அடுக்கு. கோடியைக் கோடியால் பெருக்கினால் பத்தின் பதினான்காம் அடுக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளி முழுவதும் இந்தக் கோடி கோடியில்தான் வாழ்கிறது. 700 நானோமீட்டர் அடர்சிவப்பு சுமார் 4.3 கோடி கோடி ஹெர்ட்ஸ், 400 நானோமீட்டர் ஊதா சுமார் 7.5 கோடி கோடி ஹெர்ட்ஸ். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு உங்கள் விடை இந்த இரண்டுக்கும் இடையில் விழவில்லை என்றால் எங்கேயோ அடுக்கு தப்பிவிட்டது.

பொதுவாகத் தப்பும் இடம் நானோவை மறப்பது. 29,97,92,458-ஐ வெறும் 632.8-ஆல் வகுத்தால் சுமார் 4,73,755 ஹெர்ட்ஸ் என்று வரும். அதாவது 474 கிலோஹெர்ட்ஸ். நம்ம ஊர் மீடியம் வேவ் வானொலி அலைவரிசைக்குச் சற்றுக் கீழே! லேசர் வானொலி ஆகிவிட்டால் என்ன நடந்தது என்று உடனே புரிந்துவிடும். பழைய புத்தகங்களில் இன்னொரு வகை உண்டு. அங்கே அலைநீளம் ஆங்ஸ்ட்ராம் அலகில் இருக்கும், ஒரு நானோமீட்டருக்குப் பத்து ஆங்ஸ்ட்ராம். 6328 என்று பார்த்ததை நானோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் விடை பத்தில் ஒரு பங்காகி, சிவப்பு ஒளி அகச்சிவப்புக்குள் போய்விடும்.

இதெல்லாம் பெரிய பிழைகள். பெரிய பிழைகள் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும். விடை பார்க்க அழகாக இருந்தும் தவறாக இருப்பதுதான் ஆபத்து.

முதல் பொறி: எந்த இடத்தில் அளந்த அலைநீளம்?

கல்லூரி ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் ஹீலியம்-நியான் லேசரை எடுத்துக்கொள்வோம். அதன் சிவப்பு ஒளிக்கு 632.8 நானோமீட்டர் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும், பெட்டியிலும் அச்சிட்டிருக்கும். இதே லேசர் ஒளியை அயோடின் ஆவியின் ஓர் உட்கவர் கோட்டோடு பூட்டி வைத்தால், அதிர்வெண் அசையாமல் நிற்கும். நீளத்தை அளக்கும் ஆய்வகங்கள் அப்படிப்பட்ட லேசரைத்தான் அளவுகோலாக வைத்திருக்கின்றன. அந்த அதிர்வெண் 473.61235 டெராஹெர்ட்ஸ் என்று மிக நன்றாகத் தெரியும்.

இப்போது நம் வகுத்தலைப் போட்டுப் பார்ப்போம். 2,99,792.458 ÷ 632.8 = 473.755 டெராஹெர்ட்ஸ்.

473.755 எங்கே, 473.612 எங்கே? 0.143 டெராஹெர்ட்ஸ், அதாவது 143 கிகாஹெர்ட்ஸ் இடிக்கிறது. சதவீதத்தில் பார்த்தால் வெறும் 0.03 தான். ஆனால் இந்த லேசர் ஒளிரும் கோட்டின் மொத்த அகலமே சுமார் 1.5 கிகாஹெர்ட்ஸ். அதோடு ஒப்பிட்டால் நம் பிழை தொண்ணூறு மடங்குக்கும் மேல். வகுத்தலில் தவறில்லை, சூத்திரத்திலும் தவறில்லை. அப்படியானால் 143 கிகாஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது?

632.8 என்பது காற்றில் அளந்த அலைநீளம். c என்பது வெற்றிடத்தில் ஒளியின் வேகம். இரண்டையும் ஒரே வகுத்தலில் கலந்துவிட்டோம்.

காற்றில் ஒளி கொஞ்சம் மெதுவாகப் போகிறது. எவ்வளவு மெதுவாக என்பதைச் சொல்வது காற்றின் ஒளிவிலகல் எண். 15 டிகிரி வெப்பத்தில், சாதாரணக் கடல்மட்ட அழுத்தத்தில், சிவப்பு ஒளிக்கு அது சுமார் 1.000277. வேகம் குறைந்தாலும் அதிர்வெண் மாறாது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். வெற்றிடத்திலிருந்து ஒளி காற்றுக்குள் நுழையும் எல்லையில் வினாடிக்கு இத்தனை அலை வந்து சேர்கிறது என்றால், அத்தனை அலையும் மறுபக்கம் போயாக வேண்டும். நடுவில் அலைகள் தேங்கி நிற்க இடமில்லை, புதிதாக முளைக்கவும் வழியில்லை. ஆகவே எண்ணிக்கை அப்படியே இருக்கும், வேகம் குறைந்ததற்கு ஈடாக அலைநீளம் சுருங்கும். வெற்றிடத்தில் 632.991 நானோமீட்டராக இருப்பது காற்றில் 632.816 ஆகிறது. அதைத்தான் சுருக்கி 632.8 என்று எழுதுகிறோம்.

மூன்று எண்களையும் கணினியில் போட்டுப் பார்க்கலாம்:

```python
c = 299792458
for nm in (632.8, 632.816, 632.991):
    print(nm, c / (nm * 1e-9) / 1e12)
```

முதல் வரி 473.755 தரும், இரண்டாவது 473.743, மூன்றாவது 473.613 டெராஹெர்ட்ஸ். இப்போது கணக்கு பிரிந்து தெரிகிறது. 632.816-ஐ 632.8 என்று சுருக்கியதில் 12 கிகாஹெர்ட்ஸ் போனது. மீதி 131 கிகாஹெர்ட்ஸ் காற்றால் வந்தது. இரண்டையும் கூட்டினால் நாம் தேடிய 143.

சரி செய்வது எளிது. காற்றில் அளந்த அலைநீளத்தைக் காற்றின் ஒளிவிலகல் எண்ணால் பெருக்கி வெற்றிட அலைநீளமாக மாற்றிவிட்டு, அதன் பிறகு வகுக்க வேண்டும். ஆனால் இந்தத் திருத்தத்துக்கும் ஓர் எல்லை உண்டு. காற்று நிலையான பொருள் அல்ல. வெப்பம் ஒரு டிகிரி மாறினால் அதன் ஒளிவிலகல் எண் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். நம் லேசர் கணக்கில் அது கிட்டத்தட்ட அரை கிகாஹெர்ட்ஸ். அதற்கும் கீழே துல்லியம் வேண்டுமென்றால் அறையின் வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

இதே பொறியைத் தண்ணீரில் பார்த்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.33. இந்தச் சிவப்பு ஒளி தண்ணீருக்குள் போனதும் அதன் அலைநீளம் சுமார் 476 நானோமீட்டர் ஆகிறது. பட்டியலில் 476 என்றால் நீலம். அப்படியானால் தண்ணீருக்குள் சிவப்பு லேசர் நீலமாக மாறிவிடுமா? மாறாது. தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் அது சிவப்பாகத்தான் தெரியும், ஏனென்றால் அதிர்வெண் மாறவில்லை. 476-ஐ வெற்றிட வேகத்தோடு போட்டு வகுத்தால் 630 டெராஹெர்ட்ஸ் என்று இல்லாத ஒன்று வரும். தண்ணீருக்குள் அளந்த நீளத்துக்குத் தண்ணீருக்குள் இருக்கும் வேகத்தைத்தான் போட வேண்டும்.

காற்றா வெற்றிடமா என்ற கேள்வி ஆய்வகத்தோடு நிற்பதில்லை. நட்சத்திரங்களின் வேகத்தைக் கணக்கிடுபவர்கள் இதில்தான் எச்சரிக்கையாக இருப்பார்கள். ஹைட்ரஜனின் புகழ்பெற்ற சிவப்புக் கோடு காற்றில் 656.28 நானோமீட்டர், வெற்றிடத்தில் 656.46. ஸ்லோன் வானாய்வின் நிறமாலைகள் வெற்றிட அலைநீளத்தில் வெளியாகின்றன. பாடப்புத்தகங்களிலோ பெரும்பாலும் காற்று அலைநீளம்தான் இருக்கும். ஒன்றை அங்கிருந்தும் இன்னொன்றை இங்கிருந்தும் எடுத்து ஒப்பிட்டால் கோடு 0.18 நானோமீட்டர் நகர்ந்ததாகத் தெரியும். அதை டாப்ளர் விளைவு என்று எடுத்துக்கொண்டால், அந்த நட்சத்திரம் வினாடிக்கு 83 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைவிட்டு விலகுகிறது என்று வரும். நம் பால்வெளியில் நட்சத்திரங்கள் அப்படியெல்லாம் ஓடுவது சாதாரணம் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. அதனால்தான் இது மோசமான பிழை.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே படத்தில் உள்ள எல்லாப் பொருள்களும் ஒரே திசையில் சுமார் 80 கிலோமீட்டர் வேகம் காட்டினால், ஓடுவது நட்சத்திரங்கள் அல்ல, உங்கள் பட்டியல். அமெரிக்காவின் நிஸ்ட் அணுக்கோட்டுத் தரவுத்தளம், வேறெதுவும் கேட்காவிட்டால், 200 முதல் 2000 நானோமீட்டர் வரை காற்று அலைநீளத்தையும் அதற்கு வெளியே வெற்றிட அலைநீளத்தையும் தரும். பட்டியலின் தலைப்பைப் படிக்காமல் எண்ணை எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

இங்கே ஒரு கேள்வி வரலாம். 473.61235 என்பது சரி என்று எப்படித் தெரியும்? அதையும் யாரோ வகுத்துத்தானே கண்டுபிடித்திருப்பார்கள்? ஒரு காலத்தில் அப்படித்தான். ஒளியின் அதிர்வெண்ணை நேரடியாக எண்ணும் கருவி இல்லாததால், அலைநீளத்தை அளந்து வகுத்துக்கொண்டார்கள். 1972-இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கென்னத் எவன்சன் குழு, ஓர் அகச்சிவப்பு லேசரின் அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் தனித்தனியாக அளந்து, இரண்டையும் பெருக்கி ஒளியின் வேகத்தை அதுவரை இல்லாத துல்லியத்தில் சொன்னது. 1983-இல் இந்த உறவையே தலைகீழாக்கிவிட்டார்கள். ஒளியின் வேகம் 29,97,92,458 என்று நிரந்தரமாக வைத்து, மீட்டரை அதிலிருந்து வரையறுத்தார்கள். அதன் பிறகு வந்த அதிர்வெண் சீப்பு என்ற லேசர் உத்தி ஒளியின் அதிர்வெண்ணை நேரடியாக எண்ணவே வழி செய்தது. அதற்காக ஜான் ஹாலுக்கும் தியோடர் ஹான்ஷுக்கும் 2005-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆக இன்று மிகத் துல்லியமான வேலைகளில் அதிர்வெண்தான் அளக்கப்படுவது, அதை வகுத்துக் கிடைப்பதுதான் அலைநீளம். நாம் செய்வதன் நேர் எதிர்.

இரண்டாம் பொறி: அகலத்தை வகுக்காதீர்கள்

எந்த ஒளியும் ஒரே ஓர் அலைநீளத்தில் மட்டும் இருப்பதில்லை. அதற்கு ஓர் அகலம் உண்டு. நம் லேசர் கோட்டின் அகலம் சுமார் 0.002 நானோமீட்டர். அது எத்தனை ஹெர்ட்ஸ்?

கை தானாக அதே சூத்திரத்துக்குப் போகும். 0.002 நானோமீட்டரைப் போட்டு வகுத்தால் 1.5 × 10²⁰ ஹெர்ட்ஸ் என்று வரும். கொஞ்சம் நின்று பாருங்கள். நம் லேசரின் அதிர்வெண்ணே 4.7 × 10¹⁴ தான். அதன் அகலம் அதைவிட மூன்று லட்சம் மடங்கு பெரிதாக இருக்க முடியுமா? நாம் கண்டுபிடித்தது அகலம் அல்ல. 0.002 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒரு காமாக் கதிரின் அதிர்வெண்ணைக் கண்டுபிடித்திருக்கிறோம்.

அகலம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம். புள்ளிகளைத்தான் மாற்ற முடியும், தூரத்தை அல்ல. ஆகவே இரு முனைகளையும் தனித்தனியாக மாற்றிவிட்டு, விடைகளைக் கழிக்க வேண்டும். அகலம் மிகச் சிறியதாக இருந்தால் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. அலைநீளத்தில் அகலம் எத்தனை பங்கோ, அதிர்வெண்ணிலும் அத்தனை பங்குதான்:

```
Δf / f = Δλ / λ
```

633 நானோமீட்டரில் 0.002 என்பது பத்து லட்சத்தில் சுமார் 3.2 பங்கு. 473.6 டெராஹெர்ட்ஸில் அதே பங்கு எவ்வளவு? சுமார் 1.5 கிகாஹெர்ட்ஸ். முன்பே சொன்ன அகலம் வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, ஒரே நானோமீட்டர் அகலம் எல்லா இடத்திலும் ஒரே ஹெர்ட்ஸ் ஆகாது. ஒரு பச்சை எல்இடி விளக்கு 510 முதல் 540 நானோமீட்டர் வரை ஒளிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். முனைகள் 587.8, 555.2 டெராஹெர்ட்ஸ், அகலம் 32.6 டெராஹெர்ட்ஸ். இன்னொன்று அகச்சிவப்பில் 835 முதல் 865 வரை ஒளிர்கிறது. அதுவும் 30 நானோமீட்டர்தான், ஆனால் அதிர்வெண்ணில் சுமார் 12.5 டெராஹெர்ட்ஸ் மட்டுமே. வகுத்தல் என்பது நேர்கோட்டு மாற்றம் இல்லை. சிறிய அலைநீளப் பக்கம் அளவுகோல் இழுபட்டு விரியும், பெரிய அலைநீளப் பக்கம் நெருக்கிச் சுருங்கும்.

அதனால் நடுப்புள்ளியும் நகர்ந்துவிடும். 400-க்கும் 700-க்கும் நடு 550 நானோமீட்டர். அதே இரு முனைகளை டெராஹெர்ட்ஸாக்கினால் 749-ம் 428-ம் வரும், அவற்றின் நடு 589. அதைத் திரும்ப நானோமீட்டராக்கினால் 509. மஞ்சள் கலந்த பச்சை, நீலப்பக்கம் சாய்ந்த பச்சை ஆகிவிட்டது. ஒளிப்பட்டையின் "நடுநிறம்" எது என்பதே நாம் எந்த அளவுகோலைப் பிடித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போவோம்.

மூன்றாம் பொறி: சூரியனின் உச்சம் எங்கே?

சூரிய ஒளியின் வரைபடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மலை மாதிரி ஏறி, சுமார் 500 நானோமீட்டரில் உச்சம் தொட்டு, அகச்சிவப்புப் பக்கம் மெதுவாக இறங்கும். அதைக் காட்டி, "சூரியன் அதிகமாகத் தருவது பச்சை ஒளி, அதனால்தான் நம் கண் பச்சைக்கு அதிகம் கூர்மையாகப் பரிணமித்தது" என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள்.

சூரியனை 5772 கெல்வின் வெப்பமுள்ள ஓர் இலட்சியக் கரும்பொருளாக எடுத்துக்கொண்டால், அலைநீள வரைபடத்தில் உச்சம் 502 நானோமீட்டர். அதை மாற்றினால் 597 டெராஹெர்ட்ஸ். ஆகவே அதே சூரியனுக்கு அதிர்வெண் வரைபடம் வரைந்தால் உச்சம் 597-இல் இருக்க வேண்டும், இல்லையா?

இல்லை. அந்த வரைபடத்தின் உச்சம் 339 டெராஹெர்ட்ஸில் இருக்கிறது. நானோமீட்டரில் அது 883. கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு!

இது முரண்பாடு மாதிரித் தெரிகிறது, ஆனால் இரண்டு வரைபடமும் சரி. வரைபடத்தின் உயரம் எதைச் சொல்கிறது என்று கேட்டால் குழப்பம் தீரும். அலைநீள வரைபடத்தின் உயரம், ஒரு நானோமீட்டர் அகலத்துக்குள் எவ்வளவு ஆற்றல் என்று சொல்கிறது. அதிர்வெண் வரைபடத்தின் உயரம், ஒரு டெராஹெர்ட்ஸ் அகலத்துக்குள் எவ்வளவு என்று சொல்கிறது. சூரிய ஒளியை வரிசையாக வைத்த டப்பாக்களில் பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரைபடத்தில் டப்பாக்கள் எல்லாம் ஒரு நானோமீட்டர் அகலம், இரண்டாவதில் எல்லாம் ஒரு டெராஹெர்ட்ஸ் அகலம். இரண்டும் ஒரே டப்பா அல்ல என்பதைத்தான் எல்இடி கணக்கில் பார்த்தோம்.

எண்களோடு பார்ப்போம். 502 நானோமீட்டரில், ஒரு நானோமீட்டர் டப்பாவில் 100 அலகு ஆற்றல் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், 883-இல் ஒரு நானோமீட்டர் டப்பாவில் சுமார் 53 அலகு விழும். பச்சைதான் அதிகம். இப்போது டெராஹெர்ட்ஸ் டப்பாவுக்கு மாறுவோம். 502-இல் ஒரு டெராஹெர்ட்ஸ் என்பது 0.84 நானோமீட்டர் அகலம். ஆகவே அதில் விழுவது 84 அலகு. 883-இல் ஒரு டெராஹெர்ட்ஸ் என்பது 2.6 நானோமீட்டர் அகலம். ஆகவே அதில் விழுவது 53-இன் 2.6 மடங்கு, கிட்டத்தட்ட 139 அலகு. மழை மாறவில்லை, பாத்திரத்தின் வாய் அகலம் மாறியது. அகச்சிவப்புப் பக்கம் வாய் அகன்ற பாத்திரம், அதனால் அங்கே அதிகம் சேர்கிறது.

ஆகவே ஒரு வளைகோட்டை மாற்றும்போது கிடைமட்ட அச்சின் எண்களை மட்டும் மாற்றினால் போதாது. ஒவ்வோர் இடத்திலும் உயரத்தையும் அந்த இடத்து டப்பாவின் அகலத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும்:

```
S_f = S_λ · λ² / c
```

ஸ்பெக்ட்ரோமீட்டர் தரும் அலைநீளக் கோப்பை அப்படியே எடுத்து, ஒரு நெடுவரிசையை மட்டும் டெராஹெர்ட்ஸாக்கி வரைந்துவிடுவது இங்கே நடக்கும் வழக்கமான தவறு. பார்க்க அழகான வளைகோடுதான் வரும், தவறு கண்ணில் படாது. கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஏதாவது இரு எல்லைகளுக்குள் வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கூட்டுங்கள். 400 முதல் 700 நானோமீட்டர் வரை கூட்டினால், நம் கரும்பொருள் சூரியனுக்கு மொத்த ஆற்றலில் சுமார் 37 சதவீதம் வரும். அதே எல்லைகளை டெராஹெர்ட்ஸாக்கி, அதிர்வெண் வரைபடத்தில் கூட்டினாலும் அதே 37 வர வேண்டும். வராவிட்டால் உயரத்தைத் திருத்த மறந்திருக்கிறார்கள்.

உச்சம் அளவுகோலைப் பொறுத்து மாறும், பரப்பு மாறாது. அதனால் "சூரியனின் உச்சம் பச்சையில் இருப்பதால் நம் கண்ணும் பச்சையில் கூர்மை" என்ற வாதம் நிற்க இடமில்லாமல் போகிறது. நானோமீட்டரில் வரையும் பழக்கம் நமக்கு இருப்பதால்தான் உச்சம் பச்சையில் தெரிகிறது. பரிணாமத்துக்கு நம் வரைபடத்தாளின் அச்சு தெரியாது. கண் ஏன் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்தது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டும். பார்க்கத் தொடங்கிய உயிரினங்கள் வாழ்ந்த தண்ணீர் எந்த ஒளியைத் தடையில்லாமல் விடுகிறது, எந்த அதிர்வெண்ணுள்ள ஒளித்துகளுக்கு ஒரு மூலக்கூறை உடைக்காமல் தூண்டிவிடும் அளவு ஆற்றல் இருக்கிறது என்பவை நல்ல தொடக்கங்கள். "ஒரு டப்பாவுக்கு" என்ற சொல் இல்லாமல் "உச்சம்" என்று யாராவது சொன்னால், எந்த டப்பா என்று கேட்டுவிடுவது நல்லது.

என் குறிப்பேட்டில் இப்போது கணக்குக்கு மேலே இரண்டு கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். இந்த எண் புள்ளியா, அகலமா, வளைகோடா? அளந்தது வெற்றிடத்திலா, காற்றிலா, வேறெதிலாவதா? புள்ளி என்றால் வெற்றிட அலைநீளத்துக்கு மாற்றிவிட்டு வகுத்தல். அகலம் என்றால் இரு முனைகளையும் மாற்றிக் கழித்தல். வளைகோடு என்றால் அச்சோடு உயரத்தையும் மாற்றிவிட்டுப் பரப்பைச் சரிபார்த்தல். இரண்டு கேள்விக்கும் பதில் எழுதின பிறகு கால்குலேட்டரை எடுத்தால் போதும்.